3 லட்சம் கட்டினால் 45 மாதம் எப்படிக் குறைகிறது?

கேள்வி: சார், கோத்தகிரிக்கும் கட்டபெட்டுக்கும் நடுவில் சரிவில் வீடு கட்டியிருக்கிறோம். நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவருக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. வீட்டுக் கடனில் இன்னும் 21,28,969 ரூபாய் பாக்கி. மாறும் வட்டி, இப்போது 9 சதவீதம். மாதம் 21,593 ரூபாய் கட்டுகிறோம், இன்னும் 180 மாதம் இருக்கிறது. தோட்டத்து சில்வர் ஓக் மரங்களை விற்றதில் 4 லட்சம் கைக்கு வந்திருக்கிறது. அதைக் கடனில் கட்டினால் எவ்வளவு காலம் குறையும், வட்டி எவ்வளவு மிச்சமாகும்? "இஎம்ஐயைக் குறைக்கவா, மாதத்தைக் குறைக்கவா?" என்று வங்கியில் கேட்கிறார்கள். போனில் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எண்ணைச் சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. நாலு லட்சத்தில் மூன்று லட்சத்தைக் கடனில் கட்டுங்கள், ஒரு லட்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இஎம்ஐ இதே 21,593-ஆக இருக்கட்டும், மாதத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். 180 மாதம் 135 ஆகும். இனிமேல் நீங்கள் கட்டவிருக்கும் வட்டியில் ஏறக்குறைய 6 லட்சத்து 72 ஆயிரம் ரூபாய் குறையும்.

இதை நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம். எந்தத் தளமும் இல்லாமல், வங்கி தரும் ஒரு தாளை வைத்தே சரிபார்க்கலாம். கிளைக்குப் போய், இன்றைய பாக்கி, இன்றைய வட்டியில் தொடங்கும் தவணை அட்டவணை ஒன்றைக் கேளுங்கள். அமார்டைசேஷன் ஷெட்யூல் என்றால் அவர்களுக்குப் புரியும். கடன் வாங்கிய நாளில் கொடுத்த பழைய அட்டவணை உதவாது. மாறும் வட்டிக் கடனில் வட்டி ஒருமுறை மாறினாலே அந்தத் தாள் செல்லாததாகிவிடும்.

புது அட்டவணையில் 180 வரிகள் இருக்கும், மாதத்துக்கு ஒன்று. முதல் வரியைப் பாருங்கள். பாக்கி 21,28,969. அதற்கு ஒரு மாத வட்டி, அதாவது 9-ஐ 12-ஆல் வகுத்த 0.75 சதவீதம், 15,967 ரூபாய். நீங்கள் கட்டும் 21,593-இல் அதைக் கழித்தால் 5,626 ரூபாய் மட்டுமே அசலில் குறைகிறது. அடுத்த வரியில் பாக்கி கொஞ்சம் இறங்கியிருப்பதால் வட்டி 15,925, அசல் 5,668. இப்படியே மாதத்துக்கு நாற்பது, ஐம்பது ரூபாயாக அசல் பங்கு ஊர்ந்து ஊர்ந்து ஏறும். உங்கள் தவணையில் நூற்றுக்கு 74 ரூபாய் இப்போது வட்டிக்கே போகிறது.

இப்போது மூன்று லட்சம் கட்டியதாக வைத்துக்கொள்வோம். பாக்கி 18,28,969 ஆகிறது. அட்டவணையின் கடைசிப் பத்தியில், பாக்கி இந்தத் தொகையை ஒட்டி வரும் வரி எது என்று விரலை வைத்துக்கொண்டே இறங்குங்கள். 45-வது வரியின் முடிவில் 18 லட்சத்து 29 ஆயிரத்து நூற்றிச் சொச்சம் என்று இருக்கும். அதுதான் உங்கள் வரி. சாதாரணமாகக் கட்டிப்போனால் 45 மாதம் கழித்து நீங்கள் நிற்கப்போகும் இடத்தில், மூன்று லட்சம் கட்டிய அன்றே போய் நிற்கிறீர்கள். அதற்குக் கீழே மிச்சமிருப்பது 135 வரிகள். கடனின் மீதிக் காலம் அதுவே.

தாண்டிய அந்த 45 வரிகளில் அசல் பத்தியைக் கூட்டினால் மூன்று லட்சம் வரும். வட்டிப் பத்தியைக் கூட்டினால் 6 லட்சத்து 72 ஆயிரத்தை ஒட்டி வரும். கூட்டச் சோம்பலாக இருந்தால் குறுக்குவழி உண்டு. 45 தவணை கட்டாமல் விடுகிறீர்கள், 45 பெருக்கல் 21,593, ஏறக்குறைய 9 லட்சத்து 72 ஆயிரம். அதற்காகக் கையிலிருந்து கொடுத்தது 3 லட்சம். கழித்தால் 6 லட்சத்து 72 ஆயிரம். எந்தத் தளம் என்ன எண் சொன்னாலும் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். குறையும் மாதமும் மிச்சமாகும் வட்டியும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அந்தக் கணக்கில் ஏதோ கோளாறு.

தளத்துக்குத் தளம் எண் மாறுவதன் காரணமும் பெரும்பாலும் எளியதுதான். சில தளங்கள் கடன் வாங்கிய முதல் மாதத்திலேயே கூடுதல் பணம் கட்டியதாக எடுத்துக்கொள்ளும். சில, இன்றைய பாக்கியைக் கேட்காமல் ஆரம்பத்தில் வாங்கிய தொகையை வைத்துத் தாமாகவே ஒரு இஎம்ஐ போட்டுக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியது மூன்று எண்கள் மட்டும்: இன்றைய பாக்கி, இன்றைய வட்டி, இப்போது கட்டும் தவணை. பள்ளிக் கம்ப்யூட்டரில் எக்செல் இருந்தால் ஏதாவது ஒரு கட்டத்தில் இதைத் தட்டுங்கள்.

```
=NPER(9%/12,-21593,1828969)
```

134.98 என்று வரும். அதாவது 134 முழுத் தவணை, கடைசியாக முழுத் தவணைக்குச் சற்றே குறைவான ஒன்று. நடுவில் இருக்கும் தவணைத் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி போட மறந்தால் விடை தப்பாக வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வங்கியில் கேட்ட கேள்விக்கு வருவோம். மாதம் 180-ஆகவே இருக்கட்டும், இஎம்ஐயைக் குறையுங்கள் என்று சொன்னால் தவணை 21,593-இலிருந்து 18,551 ஆகும். மாதம் 3,042 ரூபாய் கையில் மிஞ்சும். 180 மாதத்துக்கு அது 5 லட்சத்து 48 ஆயிரம். நீங்கள் கொடுத்த 3 லட்சத்தைக் கழித்தால் மிச்சமாகும் வட்டி 2 லட்சத்து 48 ஆயிரம்தான். ஒரு பக்கம் 6.72 லட்சம், இன்னொரு பக்கம் 2.48 லட்சம். இதைப் பார்த்ததும் இரண்டாவது வழி ஏமாற்று என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை.

இரண்டு வழியிலும் உங்கள் மூன்று லட்சம் சம்பாதிப்பது அதே 9 சதவீதம்தான். இஎம்ஐயைக் குறைத்தால் அந்தச் சம்பாத்தியம் மாதம் மூவாயிரமாக உடனே கைக்குத் திரும்ப ஆரம்பிக்கிறது. மாதத்தைக் குறைத்தால் அது கடனுக்குள்ளேயே கிடந்து குட்டி போட்டு, 135 மாதம் கழித்து 45 தவணைகளாக மொத்தமாகத் திரும்புகிறது. நெடுநாள் உள்ளே கிடப்பதால் தொகை பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவே. இன்னொரு விதமாகச் சோதிக்கலாம். இஎம்ஐயை 18,551-ஆகக் குறைத்துக்கொண்டு, மிஞ்சும் 3,042-ஐ மாதாமாதம் கூடுதலாக அசலிலேயே கட்டிவந்தால் கடன் அதே 135-வது மாதத்தில்தான் முடியும். ஒரு ரூபாய்கூட வித்தியாசம் வராது. அந்த 3,042 செலவாகிவிடுமா, இல்லையா என்பதுதான் உண்மையான கேள்வி.

உங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி முகம் இருக்கிறது. உங்கள் சம்பளம் மாதாமாதம் வருவது. கணவரின் இலைப் பணம் அப்படியில்லை. மழைக்குப் பிறகு கொழுந்து தள்ளும் மாதங்களில் பேக்டரிக்கு மூட்டை மூட்டையாகப் போகும். பனி இறங்கிய பிறகு, டிசம்பரிலிருந்து மார்ச் வரை, எடுக்கக் கொழுந்து இருக்காது, ஆனால் தவணை தேதி தவறாது. அதனால் குறைந்த இஎம்ஐ உங்களுக்கு நல்லது என்று யாராவது சொல்லியிருக்கலாம். நானும் அதை யோசித்தேன். ஆனால் எண்ணாகப் போட்டுப் பாருங்கள். அந்த நாலு மாதத்துக்கு இஎம்ஐ குறைவால் கிடைக்கும் நிம்மதி மொத்தம் 12,000 ரூபாய்தான். அதைத் தாங்க, நான் கையில் வைக்கச் சொன்ன ஒரு லட்சமே போதும். பனிமாதத்தில் அதிலிருந்து எடுங்கள், இலை வரும் மாதத்தில் திரும்பப் போடுங்கள். வருடத்துக்கு 12,000 ரூபாய் இடைவெளிக்காக 180 மாதத்தையும் இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை.

அப்படியென்றால் நாலாவது லட்சத்தையும் ஏன் கட்டக் கூடாது? கட்டினால் 180 மாதம் 123 ஆகும், நாலு வருடம் ஒன்பது மாதம் குறையும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு லட்சமும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. முதல் லட்சம் கிட்டத்தட்ட 17 மாதத்தைக் குறைக்கிறது. இரண்டாவது 15. மூன்றாவது 13. நாலாவது 12. மேலே இருக்கும் வரிகளில் அசல் பங்கு சிறியது, ஆகையால் ஒரு லட்சத்துக்கு நிறைய வரிகளைத் தாண்டிவிடலாம். இறங்க இறங்க அசல் பங்கு பெரிதாகும், அதே லட்சம் கொஞ்சம் வரிகளையே தாண்டும். வருமானமாகப் பார்த்தால் நாலாவது லட்சமும் 9 சதவீதம்தான் தருகிறது. ஆனால் அதை உள்ளே போட்டால் நீங்கள் இழப்பது பெரிது.

சரிவில் வீடு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்தில் தடுப்புச் சுவர் சரிவது புதிதில்லை. 2009 நவம்பர் நிலச்சரிவுகளை இந்த மலையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சுவர் வயிறு தள்ளினால் அதே வாரத்தில் ஆள் வைத்தாக வேண்டும். கடனில் கட்டிய பணம் சாதாரண வீட்டுக் கடனில் திரும்ப வராது. ஓவர்டிராப்ட் முறையில் கொடுத்த வீட்டுக் கடனாக இருந்தால் மட்டும் போட்டதை மறுபடி எடுக்கலாம். உங்களுடையது அப்படியா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் நாலு லட்சத்தையும் அதில் போடலாம், என் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவையில்லை. இல்லையென்றால், 9 சதவீதத்தை மிச்சம் பிடிக்கப் போய், அவசரத்துக்கு அதைவிட அதிக வட்டியில் நகையை வைக்கும் நிலை வரலாம்.

இந்த 6.72 லட்சம் இன்றைய 6.72 லட்சம் இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். பதினோரு வருடம் தாண்டிக் கட்டாமல் விடப்போகும் தவணைகளின் கூட்டு அது. எங்கேயாவது வைப்புத் தொகையில் போட்டால் என்ன என்று ஒப்பிட வேண்டுமானால், அந்தப் பெரிய எண்ணோடு ஒப்பிடாதீர்கள். 9 சதவீதத்தோடு ஒப்பிடுங்கள். கடனைக் குறைப்பது வரியில்லாத 9 சதவீத வருமானம். வைப்புத் தொகை வட்டிக்கு, வரி கட்டும் அளவுக்கு உங்கள் வருமானம் இருந்தால், வரி உண்டு. நீங்கள் பழைய வரி முறையில் இருந்து, குடியிருக்கும் வீட்டுக்கான வட்டியை வருடம் 2 லட்சம் வரம்புக்குள் கழித்துக்கொள்கிறீர்கள் என்றால் மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். 20 சதவீதப் படியில் இருப்பவருக்கு அந்த 9, செஸ்ஸையும் சேர்த்துப் பார்த்தால், 7.1 சதவீதத்துக்குச் சமம். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவு இல்லை. 9 முழுசாக 9.

வட்டி மாறினால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 135 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். 2022 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, ரிசர்வ் வங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.5-ஆக ஏற்றியது. அப்போது பலருக்கு இஎம்ஐ ஏறவில்லை, மீதி மாதம் மட்டும் சத்தமில்லாமல் நீண்டது. ஓய்வு வயதையும் தாண்டித் தவணை போவதைப் பல மாதம் கழித்துத்தான் கவனித்தார்கள். உங்கள் கடனில் வட்டி 9-இலிருந்து 9.5 ஆனால், மூன்று லட்சம் கட்டாத நிலையில் 180 மாதம் 193-ஆக நீளும். கட்டிய நிலையில் 135 மாதம் 141 ஆகும். ஒன்று 13 மாதம் நகர்கிறது, மற்றது 6. வட்டி ஏறும் காலத்தில் முன்கூட்டிக் கட்டிய பணம் இன்னும் கூடுதலாக உழைக்கிறது.

சரி, கட்டப் போகும்போது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்காக அபராதம் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. யாராவது கேட்டால் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும். தவணைத் தேதி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நாள் இருப்பை வைத்து வட்டி போடும் வங்கியானால், மூன்று லட்சம் உங்கள் சேமிப்புக் கணக்கில் தூங்கும் ஒவ்வொரு நாளும் கடனில் 74 ரூபாய் ஏறுகிறது. மாத இருப்பை வைத்து வட்டி போடும் நிறுவனமானால், எந்தத் தேதிக்குள் கட்டினால் இந்த மாதமே கணக்கில் சேரும் என்று கேட்டு அதற்கு முன் கட்டுங்கள்.

தப்பு நடக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் அடிக்கடி நடக்கும். பணத்தைக் கடன் கணக்குக்கு வெறுமனே அனுப்பிவிட்டு வந்துவிடுகிறார்கள். சில இடங்களில் அது அசலில் கழியாமல், வரவிருக்கும் தவணைகளுக்கான முன்பணமாகப் பதிவாகிவிடும். அதன்பின் மாதாமாதம் அதிலிருந்தே தவணையைக் கழித்துக்கொள்வார்கள். வட்டி முன்பு போலவே ஓடும், நீங்கள் கடன் குறைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வேறு சில இடங்களில், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இஎம்ஐயைத் தாமாகவே குறைத்துவிடுவார்கள். அதனால் ஒரு வெள்ளைத் தாளில், கடன் எண்ணைப் போட்டு, "இந்த 3,00,000 ரூபாயைப் பார்ட் பேமென்ட்டாக அசலில் வரவு வைக்கவும். இஎம்ஐ மாறாமல் மீதிக் காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இஎம்ஐ, காலம் இரண்டில் எது என்று முடிவு செய்யும்போது நிதானமாக முடிவு செய்யுங்கள். காலத்தைக் குறைத்துவிட்டு, பிறகு சிரமம் என்று மறுபடி நீட்டச் சொன்னால் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சரியாகப் பதிவானதா என்று கண்டுபிடிக்க, பணம் கட்டிய மாதத்தை விட்டுவிட்டு அதற்கடுத்த முழு மாதத்தின் ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். கட்டிய மாதத்தில் பாதி நாள் பழைய பாக்கி, பாதி நாள் புதிய பாக்கி என்று கலந்திருக்கும், அதை வைத்து ஒன்றும் தெரியாது. அடுத்த மாத வட்டிப் பத்தியில் 13,700 ரூபாயை ஒட்டி இருக்க வேண்டும். நாள் கணக்கில் வட்டி போடுபவர்களிடம் 30 நாள் மாதத்துக்கு 13,500-க்குச் சற்று மேல், 31 நாள் மாதத்துக்கு 14,000-க்குச் சற்றுக் கீழ் என்று ஆடும், அது சரிதான். அசலில் கழிவது 5,626-ஐ ஒட்டி இருந்தது இப்போது 7,800, 7,900 அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். வட்டி இன்னும் 16,000-ஐச் சுற்றியே நின்றால் பணம் அசலில் போகவில்லை.

ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்டில் கொடுத்த உத்தரவின்படி, மாறும் வட்டித் தவணைக் கடன் வைத்திருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கி ஒரு அறிக்கை கிடைக்கச் செய்ய வேண்டும். இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, மிச்சமிருக்கும் தவணைகளின் எண்ணிக்கை, வட்டி விகிதம் எல்லாம் அதில் இருக்கும். அடுத்த அறிக்கையில் தவணைத் தொகை 21,593 என்றும், மிச்சமிருக்கும் தவணை 135-இலிருந்து இடையில் கட்டியதைக் கழித்த எண் என்றும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சீல் போட்ட நகலையும் அந்த ஸ்டேட்மென்ட்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், பணம் கட்டிய தேதியிலிருந்தே அசலில் வரவு வைத்துத் திருத்தித் தரச் சொல்லுங்கள். திருத்தும் தேதியிலிருந்து என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், நடுவில் ஓடிய நாளைக்கெல்லாம் அந்த 74 ரூபாய் உங்கள் கணக்கில்தான் ஏறியிருக்கும்.